டிசிபி ஹேண்ட்ஷேக்: மூணாவது பாக்கெட் எதுக்கு? ரெண்டோட நிறுத்தினா என்ன உடையும்?

கல்மண்டபம்_கார்த்தி
நேத்து ஒரு இன்டர்வியூ போனேன். டிசிபி கனெக்‌ஷன் எப்படி ஆரம்பிக்குதுன்னு கேட்டாங்க. கிளையன்ட் சின் அனுப்பும், சர்வர் சின்-ஆக் அனுப்பும், கிளையன்ட் ஆக் அனுப்பும், அப்புறம் டேட்டா போகும்னு மளமளன்னு சொல்லிட்டேன். அந்த மேடம் சிரிச்சிக்கிட்டே, "சரி, மூணாவதை நான் எடுத்துட்டேன்னு வெச்சுக்குங்க. எது உடையும்? நம்பர் போட்டு ஒரு உதாரணம் காட்டுங்க"ன்னாங்க. "நம்பகத்தன்மை போயிடும் மேடம்"னேன். "எப்படிப் போகும்?"னாங்க. அதோட நின்னுட்டேன்.

வீட்டுக்கு வந்து, போற வர்ற பாக்கெட்டைக் காட்டற வயர்ஷார்க்ல பிடிச்சுப் பார்த்தேன். முதல் பாக்கெட்ல சீக்வென்ஸ் 0, ரெண்டாவதுலயும் 0, மூணாவதுல 1. எப்பவும் பூஜ்யத்துலதான் ஆரம்பிக்குதுன்னா ரெண்டு பேருக்கும் அது முன்னாடியே தெரியுமே? அப்புறம் எதுக்கு இந்த ஆள் மாத்தி ஆள் கேக்கறது? யாராவது விளக்குங்கண்ணா.

லோகோ_பாபு
தம்பி, ரொம்ப யோசிக்காத. போன் பேசற மாதிரிதான் இது. "ஹலோ, கேக்குதா?" "கேக்குது, நான் பேசறது உனக்குக் கேக்குதா?" "ஆங், கேக்குது." அவ்ளோதான். முதல் ரெண்டுல, நான் அனுப்பினது அங்க போகுது, அங்கேர்ந்து இங்க வருதுன்னு கிளையன்டுக்குத் தெரிஞ்சிடும். சர்வருக்கு அது தெரியணும்னா மூணாவது வேணும். ரெண்டு பக்கமும் லைன் நல்லாருக்கான்னு பார்த்துக்கறாங்க. அடுத்த இன்டர்வியூல இதைச் சொல்லு, ஒத்துக்குவாங்க.

எம்சிரோடு_ஜவுளி
வணக்கம். நானும் இதே ஹேண்ட்ஷேக் பிரச்சனையிலதான் மாட்டிக்கிட்டு இருக்கேன். எம்.சி. ரோட்ல கடை, மாதவரத்துல குடோன். ஸ்டாக் சர்வர் குடோன்ல இருக்கு, லினக்ஸ் மிஷின். கடையில பில் போடற கம்ப்யூட்டர் விண்டோஸ். சில சமயம் நல்லா ஓடுது, சில சமயம் ஒரு இருபது செகண்ட் அப்படியே நின்னுட்டு "டைம் அவுட்"னு வருது. சாஃப்ட்வேர் போட்ட பையன் ஏதோ கமாண்ட் அடிச்சு SYN_SENT-னு காட்டினான். "ஹேண்ட்ஷேக் முடியல சார், நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்க"ன்னு கிளம்பிட்டான். தீபாவளி வியாபாரம் ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சாகணும். என்ன செய்யறது?

எண்ணூர்_அலை
ஜவுளி சார், உங்களுக்குத் தனியா சொல்றேன், கொஞ்சம் பொறுங்க. முதல்ல கார்த்தி.

வயர்ஷார்க் காட்டின பூஜ்யம் வயர்ல போன நம்பர் கிடையாது. படிக்கறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு அது முதல் நம்பரைக் கழிச்சிட்டுக் காட்டுது. டிசிபி செட்டிங்ல ரிலேட்டிவ் நம்பரை அணைச்சிட்டுப் பாரு, இல்லேன்னா இதை அடி:

```
sudo tcpdump -ni any -S 'tcp port 8080'
```

என் லேப்ல பிடிச்சதுல, வேண்டாத ஆப்ஷனை எல்லாம் வெட்டிட்டுப் போடறேன்:

```
10.0.5.21.40512 > 10.0.9.4.8080: Flags [S], seq 2871530417
10.0.9.4.8080 > 10.0.5.21.40512: Flags [S.], seq 1190446203, ack 2871530418
10.0.5.21.40512 > 10.0.9.4.8080: Flags [.], ack 1190446204
```

ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு தாறுமாறான நம்பர். கிளையன்ட் 2871530417-னு சொல்லுது. சர்வர் அதோட ஒண்ணைக் கூட்டித் திருப்பிச் சொல்லி, கூடவே தன் நம்பரையும் வைக்குது. கிளையன்ட் அந்த நம்பரோட ஒண்ணைக் கூட்டித் திருப்பிச் சொல்லுது. நியாயமா இது நாலு வேலை: ரெண்டு அறிவிப்பு, அதான் சின்; ரெண்டு ஒப்புதல், அதான் ஆக். சர்வர் தன்னோட ஒப்புதலையும் அறிவிப்பையும் ஒரே பாக்கெட்ல ஏத்திடறதால மூணா சுருங்கிடுச்சு.

பாபு சொன்னது பாதி சரி. ரெண்டு திசையும் வேலை செய்யுதுன்னு தெரிய வருது, ஆனா அது கூடவே கிடைக்கற பலன்தான். லைன் இருக்கான்னு பார்க்க மட்டும்னா இந்த நம்பர் எதுக்கு? "ஆமாம்"னு ஒரு பிட் போதுமே. அதுவும் போக, இப்போ லைன் இருக்குன்னு தெரிஞ்சு என்ன லாபம்? அடுத்த செகண்ட்ல அறுந்து போகலாம். இங்க நடக்கற முக்கியமான வேலை, எந்த நம்பர்லேர்ந்து எண்ண ஆரம்பிக்கறோம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கறது. உன் போன் உதாரணத்துல அந்த நம்பருக்கு இடமே இல்ல பாரு.

லோகோ_பாபு
நம்பர் சரிண்ணா. ஆனா பூஜ்யத்துலேர்ந்தே எண்ணினா என்ன குறை? கார்த்தி கேட்டதும் அதான். எல்லாருக்கும் பொதுவா பூஜ்யம்னு வெச்சுட்டா ஒத்துக்க வேண்டிய வேலையே இல்லையே.

எண்ணூர்_அலை
ஒரு கனெக்‌ஷனை அடையாளம் காட்டறது நாலே விஷயம்: இந்தப் பக்கத்து ஐபி, போர்ட், அந்தப் பக்கத்து ஐபி, போர்ட். இன்னிக்கு இந்த நாலோட ஒரு கனெக்‌ஷன் ஓடி முடிஞ்சு, கொஞ்ச நேரத்துல அதே நாலோட இன்னொண்ணு ஆரம்பிக்கலாம், தடையே இல்ல. அப்போ பழைய கனெக்‌ஷன்ல கிளம்பி வழியில எங்கேயோ தங்கிட்ட பாக்கெட் ஒண்ணு வந்து சேர்ந்தா? அதுல "நான் பழசு"ன்னு எந்த முத்திரையும் கிடையாது. எல்லாரும் பூஜ்யத்துலேர்ந்து எண்ணினா, பழைய 1460-ஆவது பைட்டும் புது 1460-ஆவது பைட்டும் ஒண்ணுபோலவே இருக்கும். புதுசுக்கு நடுவுல பழசு போய் உக்காந்துக்கும், செக்சம்கூடப் பிடிக்காது.

அதுக்குத்தான் 1981-ல வந்த, டிசிபியோட விதிகளை எழுதி வெச்ச ஆர்எஃப்சி 793, ஆரம்ப நம்பரை ஒரு கடிகாரத்துலேர்ந்து எடுக்கச் சொல்லுச்சு. நாலு மைக்ரோசெகண்டுக்கு ஒண்ணு ஏறும், 32 பிட் ஒரு சுத்து வர நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரு பாக்கெட் நெட்வொர்க்குல அதிகபட்சம் ரெண்டு நிமிஷம் உயிரோட இருக்கும்னு வெச்சுக்கிட்டாங்க. அதனால ஒவ்வொரு புதுக் கனெக்‌ஷனும் பழசைவிட்டுத் தள்ளி வேற இடத்துலேர்ந்து எண்ண ஆரம்பிக்கும். விலை என்னன்னா, நான் எங்கேர்ந்து எண்றேன்னு எதிராளிக்கு இனிமே சொல்லியாகணும்.

வியாசை_மலர்
அலை அண்ணா, ஒரு சந்தேகம். கிளையன்ட் நம்பர் முதல் பாக்கெட்லயே போயிடுச்சு. சர்வர் நம்பர் ரெண்டாவதுல வந்துடுச்சு. அப்போ நம்பர் சொல்ற வேலை ரெண்டோடயே முடிஞ்சிடுது. மூணாவதுல புது நம்பர் எதுவும் இல்ல, சும்மா "கிடைச்சுது"ன்னு சொல்லுது. அந்த "கிடைச்சுது"க்காக சர்வர் ஏன் காத்திருக்கணும்? ரெண்டாவதை அனுப்பின உடனே கனெக்‌ஷன் ரெடின்னு வெச்சுக்கிட்டா? வழியில தொலைஞ்சா கிளையன்ட் மறுபடி சின் அனுப்பப் போகுது. கார்த்தியைக் கேட்ட கேள்வியே இதுதானே.

எண்ணூர்_அலை
ஆமாம்மா, இதுதான் கேள்வி. நம்பர் போட்டே பார்ப்போம். கணக்குக்கு வசதியா சின்ன நம்பர் எடுத்துக்கறேன்.

காலையில ஒரு போன், பணம் அனுப்பற ஆப். போன் பக்கத்து போர்ட் 40512. போனோட ஆரம்ப நம்பர் 5000, சர்வரோடது 7300. கைகுலுக்கல் முடிஞ்சதும் போன் "500 ரூபாய் அனுப்பு"ன்னு ஒரு டேட்டா பாக்கெட் அனுப்புது: சீக்வென்ஸ் 5001, ஆக் 7301. நெட்வொர்க் மந்தமா இருந்ததால சின்னையும் டேட்டாவையும் போன் ரெண்டாவது தடவையும் அனுப்பியிருக்கு. ஒரு ஜோடி போய்ச் சேர்ந்து பணமும் போயிடுச்சு, கனெக்‌ஷனும் மூடியாச்சு. இன்னொரு ஜோடி வழியில ஏதோ ஒரு கியூவுல தூங்குது. இதுக்குள்ள போன் ரீஸ்டார்ட் ஆகி, பழைய கனெக்‌ஷன் பத்தின நினைவே அதுக்கு இல்ல. சர்வரும் மறந்துடுச்சு.

இப்போ தூங்கின ஜோடி எழுந்து வருது.

ரெண்டே படி இருக்கற உலகத்துல: சர்வர் பார்வையில இது புது சின், நம்பர் 5000. தன் பங்குக்கு 9000-னு ஒரு புது நம்பர் எடுத்து, 5001-ன்னு ஆக் போட்டு அனுப்பிட்டு, "கனெக்‌ஷன் ரெடி"ன்னு அப்ளிகேஷன் கையில குடுத்துடும். பின்னாலயே வருது பழைய டேட்டா, சீக்வென்ஸ் 5001. சர்வர் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறதும் அதே 5001-தான். வாங்கி மேல அனுப்பிடும். 500 ரூபாய் ரெண்டாவது தடவை போகும். சர்வர் அனுப்பின சின்-ஆக் போனுக்குப் போய்ச் சேர்ந்து, "நான் கேக்கவே இல்லையே"ன்னு போன் ரீசெட் அனுப்பும், வாஸ்தவம்தான். ஆனா அது ஒரு ரவுண்டு போய் வரணும். டேட்டா அதுக்குள்ள உள்ள போயாச்சு.

மூணு படி உலகத்துல: சர்வர் அதே மாதிரி 9000-ஐ அனுப்பும், ஆனா கனெக்‌ஷனைத் திறக்காது. SYN-RECV நிலையில நின்னு, "9001"ன்னு யாராவது திருப்பிச் சொல்லணும்னு காத்திருக்கும். பழைய டேட்டா வருது. சீக்வென்ஸ் 5001 சரியாத்தான் இருக்கு, ஆனா அது தூக்கிட்டு வர்ற ஆக் 7301. அது காலையில பேசின பேச்சு. இந்த 9000 பிறக்கறதுக்கு முன்னாடியே எழுதின பாக்கெட்டுல 9001 எப்படி இருக்கும்? சர்வர் ரீசெட் அடிச்சுத் தள்ளிடும், அப்ளிகேஷனுக்குச் செய்தியே போகாது. போன்லேர்ந்தும் ரீசெட் வந்ததும் அந்தப் பாதிக் கனெக்‌ஷனையும் அழிச்சிடும்.

சர்வரோட நம்பர் ஒரே நேரத்துல கேள்வியும்கூட. அதுக்குப் பதில் சொல்ல, இப்போ உயிரோட இருந்து அந்த ரெண்டாவது பாக்கெட்டைக் கையில வாங்கினவங்களால மட்டும்தான் முடியும். அந்தப் பதில்தான் மூணாவது பாக்கெட். கிளையன்ட் பக்கத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு: பழைய சின்-ஆக் ஒண்ணு திரும்பி வந்தா அதுல இருக்கற ஆக் நம்பர் பொருந்தாது, தூக்கிப் போட்டுடும். ஆர்எஃப்சி 793-லயே மூணு படிக்கு முக்கியக் காரணம் பழைய சின் வந்து குழப்பறதைத் தடுக்கறதுதான்னு எழுதியிருக்காங்க.

கல்மண்டபம்_கார்த்தி
அய்யோ, அந்த மேடம் கேட்டது இதைத்தான் போல. 7301-க்கும் 9001-க்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தக் கதையும். அண்ணா, அப்போ மூணாவது வந்துச்சான்னு கிளையன்டுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு நாலாவது வேணாமா?

காசிமேடு_பீட்டர்
ஒரு நிமிஷம். கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்தக் காலத்துல எந்த பாக்கெட்டுப்பா நிமிஷக்கணக்குல ஊர் சுத்துது? ஆர்ப்பாநெட் காலத்துக் கவலை அது. இன்னிக்கு மூணாவது படி நம்மளைக் காப்பாத்தறது பொய் முகவரிக்காரங்ககிட்டேர்ந்து. வேற யாரோ ஐபியைப் போட்டு நான் சின் அனுப்பினா, சர்வரோட பதில் அந்த நிஜ ஆளுக்குத்தான் போகும். 9000 என்னன்னு எனக்குத் தெரியாது, அதனால 9001-னு சொல்ல முடியாது. கதவு திறக்காது. இன்டர்வியூல இதைச் சொல்லு தம்பி, பழைய கதையெல்லாம் விடு.

எண்ணூர்_அலை
பீட்டர் சொல்ற பாதுகாப்பு நிஜம்தான், ஆனா மூணாவது படியை வெச்சவங்க அதை மனசுல வெச்சு வெக்கல. அந்தக் கடிகார நம்பரைப் பாருங்க, எளிதா யூகிக்கற மாதிரி இருக்கு. 1985-லயே ராபர்ட் மோரிஸ் எழுதிக் காட்டினார்: ஒரு தடவை நிஜமா கனெக்ட் பண்ணி சர்வர் நம்பரைப் பார்த்துக்கிட்டா, அடுத்தது என்னவா இருக்கும்னு கணக்குப் போட்டு, பதிலைப் பார்க்காமலே மூணாவது பாக்கெட்டைப் பொய்யா அனுப்பிடலாம். அப்புறம் 1996-ல பெல்லோவின் எழுதின ஆர்எஃப்சி 1948, கடிகாரத்தோட ஒரு ரகசிய ஹேஷையும் கூட்டச் சொல்லுச்சு. நான் மேல காட்டின தாறுமாறான நம்பர் அதனாலதான். மூணு படியும் இருந்தும் நம்பர் யூகிக்கற மாதிரி இருந்தா நீங்க சொல்ற பூட்டு பூட்டே இல்ல.

பழைய பாக்கெட் இப்போ வராதுங்கறதை ஒத்துக்க மாட்டேன்.

வியாசை_மலர்
நானும் ஒத்துக்க மாட்டேன். நாங்க போன் ஆப்புக்குப் பின்னாடி இருக்கற சர்வர் பார்க்கறோம். ஆப்ல கனெக்ட் டைம் அவுட் மூணு செகண்ட். பேசின் பிரிட்ஜ் கிட்ட ரயில் நின்னு நின்னு போகும்போது சிக்னல் விட்டு விட்டு வரும் பாருங்க, அப்போ சின் கிளம்பி போன் மோடம்லயோ டவர்லயோ கியூவுல கிடக்கும். ஆப் பொறுமை இழந்து சாக்கெட்டை மூடிடும். அதுக்கப்புறம்தான் அந்த சின் சர்வருக்கு வந்து சேரும். சர்வர் சின்-ஆக் அனுப்பும், போன் ரீசெட் அனுப்பும். tcpdump-ல இந்த மூணும் வரிசையா வர்றதை அடிக்கடி பார்க்கறோம். ரெண்டு படியா இருந்திருந்தா ஒவ்வொண்ணுக்கும் அப்ளிகேஷன்ல ஒரு வெத்துக் கனெக்‌ஷன் திறந்திருக்கும்.

காசிமேடு_பீட்டர்
வெத்துக் கனெக்‌ஷன் திறந்து ரீசெட்ல மூடறது பெரிய நஷ்டம் இல்லியே மலர். பணம் ரெண்டு தடவை போற கதைக்கு டேட்டாவும் சேர்ந்து தாமதமா வரணும். அது நடக்கும்னு நான் நம்பல. சரி, அவங்கவங்க கருத்து.

எம்சிரோடு_ஜவுளி
அலை சார், நீங்க பேசறது பாதி புரியுது. என் கடை விஷயம்?

எண்ணூர்_அலை
மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்கு இந்தப் பேச்சே உதவும். SYN_SENT-ன்னா உங்க கடைக் கம்ப்யூட்டர் முதல் பாக்கெட்டை அனுப்பிட்டு ரெண்டாவதுக்காகக் காத்திருக்கு. அவ்வளவுதான் அதுலேர்ந்து தெரியும். முதல் பாக்கெட் போய்ச் சேரலையா, இல்ல போய்ச் சேர்ந்து பதில் திரும்பலையான்னு கடையில உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. விண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துட்டு, சுமார் 21 செகண்ட்ல கைவிடும். நீங்க சொன்ன இருபது செகண்ட் அதுதான். சர்வர் மிஷின்ல அந்த போர்ட்ல எந்த ப்ரோக்ராமும் காத்துக்கிட்டு இல்லைன்னா இவ்வளவு நேரம் நிக்காது, உடனே ரீசெட் வந்து "மறுக்கப்பட்டது"ன்னு சீக்கிரமே சொல்லிடும். அதனால சர்வர் ப்ரோக்ராம் நின்னு போனது மாதிரி தெரியல, பாக்கெட் எங்கேயோ சத்தமில்லாம காணாமப் போகுது.

அடுத்த தடவை கடையில நிக்கும்போதே குடோன்ல ஒருத்தரை உக்கார வெச்சு இதை அடிக்கச் சொல்லுங்க:

```
ss -tn state syn-recv
```

கடை ஐபி அதுல தெரிஞ்சா, முதல் பாக்கெட் வந்துடுச்சு, சர்வர் பதிலும் அனுப்பிடுச்சு, பதில்தான் திரும்பிப் போகலன்னு அர்த்தம். ஒண்ணுமே தெரியலைன்னா முதல் பாக்கெட்டே வரல, இல்ல சர்வர் ஃபயர்வாலே வாங்கி முழுங்கிடுச்சு. எதுன்னு tcpdump போட்டுப் பார்த்துக்கலாம்.

லோகோ_பாபு
சார், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. பாதி பிரச்சனை அதுலயே போயிடும்.

எம்சிரோடு_ஜவுளி
அதெல்லாம் பண்ணியாச்சு தம்பி.

எண்ணூர்_அலை
கார்த்தி, நாலாவது பத்திக் கேட்டே. நாலாவது வேணும்னா அஞ்சாவதும் வேணும், அதுக்கும் முடிவே இல்ல. கடைசியா அனுப்பினவங்களுக்கு அது போய்ச் சேர்ந்துச்சான்னு எப்பவும் தெரியாது. டிசிபி அதைத் தீர்க்கல, சும்மா தள்ளி வெச்சுடுது. கிளையன்ட் இனிமே அனுப்பற எல்லா பாக்கெட்லயும் அதே ஆக் நம்பர் இருக்கும். மூணாவது தொலைஞ்சாலும், அடுத்து வர்ற முதல் டேட்டாவே மூணாவதோட வேலையைச் செஞ்சிடும். வெப் மாதிரி கிளையன்ட் முதல்ல பேசற இடத்துல யாருக்கும் தெரியாமலே சரியாயிடும். சர்வர் முதல்ல பேசற இடத்துலதான் வேடிக்கை.

வியாசை_மலர்
அந்த வேடிக்கையை நாங்க அனுபவிச்சிருக்கோம்! மைஎஸ்கியூஎல்ல கனெக்ட் ஆனதும் முதல்ல பேசறது சர்வர்தான், தன் வெர்ஷனைச் சொல்லி வரவேற்கும். எங்க ஆப் எப்பவாவது கனெக்ட் ஆக சரியா ஒரு செகண்ட் எடுத்துக்கும். மத்த நேரம் ஒரு மில்லிசெகண்ட். அந்தக் குறிப்பிட்ட ஒரு செகண்ட் எங்கேர்ந்து வருதுன்னு தலையைப் பிச்சுக்கிட்டோம்.

tcpdump-ல பார்த்தா மூணு பாக்கெட்டும் உடனே போயிருந்துச்சு. கிளையன்ட்ல ESTABLISHED. ஆனா சர்வர் ஒரு செகண்ட் கழிச்சு அதே சின்-ஆக்கை மறுபடி அனுப்புது, கிளையன்ட் மறுபடி ஆக் அனுப்புது, உடனே வரவேற்பு வருது. அதாவது மூணாவது பாக்கெட் மிஷினுக்கு வந்துடுச்சு, ஆனா லினக்ஸ் அதைக் கணக்குல எடுத்துக்கல. கைகுலுக்கல் முடிஞ்ச கனெக்‌ஷன் எல்லாம் அப்ளிகேஷன் எடுத்துக்கற வரைக்கும் ஒரு கியூவுல நிக்கும். அந்தக் கியூ நிரம்பியிருந்தா, வர்ற மூணாவது பாக்கெட்டை கர்னல் சத்தமில்லாம கீழ போட்டுடும். இதுல பார்த்தோம்:

```
ss -lnt
netstat -s | grep -i listen
```

முதல் கமாண்ட்ல அந்த போர்ட்டோட Recv-Q, Send-Q அளவைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவதுல ஓவர்ஃப்ளோ எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. பழைய கர்னல், அந்தக் கியூ எவ்வளவு நீளலாம்னு வரம்பு போடற somaxconn 128-லயே இருந்துச்சு. லினக்ஸ் 5.4-லேர்ந்து அது 4096. அதைக் கூட்டி, மைஎஸ்கியூஎல் back_log-ஐயும் கூட்டின பிறகு அந்த ஒரு செகண்ட் போயிடுச்சு.

கல்மண்டபம்_கார்த்தி
அக்கா, கிளையன்ட் பக்கம் ESTABLISHED-னு காட்டுது, சர்வர் பக்கம் இன்னும் SYN-RECV. ரெண்டு பேரும் ஒரே கனெக்‌ஷனைப் பத்தி வேற வேற சொல்றாங்களா? இது தப்பு இல்லியா?

எண்ணூர்_அலை
தப்பு இல்ல, அப்படித்தான் இருக்கும். மூணாவது பாக்கெட் வழியில இருக்கற நேரம் முழுக்க எல்லாக் கனெக்‌ஷனும் இந்த நிலையிலதான் இருக்கு. கிளையன்டுக்கு ரெண்டாவதே போதும், ஏன்னா அது கேட்ட கேள்விக்கு அதுல பதில் வந்துடுச்சு. சர்வருக்குத்தான் இன்னும் பதில் வரல.

ஆனா இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. பதில் வர்ற வரைக்கும் சர்வர் ஒவ்வொரு சின்னையும் ஞாபகம் வெச்சுக்கணும். பொய் ஐபில ஆயிரக்கணக்குல சின் அனுப்பி, மூணாவதே அனுப்பாம விட்டா? 1996 செப்டம்பர்ல நியூயார்க்ல பேனிக்ஸ்னு ஒரு இன்டர்நெட் நிறுவனத்தை இப்படித்தான் முடக்கினாங்க. பீட்டர் சொன்ன பூட்டு இங்க வேற மாதிரி திரும்புது: கதவு திறக்காது, ஆனா வாசல்ல இடமே இல்லாம போயிடும்.

அதே மாசம் பெர்ன்ஸ்டைன் சொன்ன வழிதான் சின் குக்கி. சர்வர் எதையும் ஞாபகம் வெச்சுக்காது. ஐபி, போர்ட், நேரம், ஒரு ரகசியம் எல்லாத்தையும் ஹேஷ் பண்ணி, அதையே தன் ஆரம்ப நம்பரா அனுப்பிடும். நிஜ ஆளா இருந்தா மூணாவது பாக்கெட்ல அந்த நம்பர் ஒண்ணு கூடி திரும்பி வரும். அப்போ மறுபடி கணக்குப் போட்டுச் சரிபார்த்து, அந்த இடத்துலயே கனெக்‌ஷனை உருவாக்கிக்கும். மூணாவது படி இல்லேன்னா இது நடக்கவே நடக்காது.

மலர், உனக்கு ஒரு எச்சரிக்கை. குக்கி வேலை செய்யற நேரத்துல சர்வர்கிட்ட ஞாபகம் இல்லாததால சின்-ஆக்கை மறுபடி அனுப்பாது. அப்போ மைஎஸ்கியூஎல் மாதிரி சர்வர் முதல்ல பேசற இடத்துல மூணாவது தொலைஞ்சா ஒரு செகண்ட்ல சரியாகாது. கிளையன்ட் திறந்துடுச்சுன்னு நம்பி வரவேற்புக்குக் காத்துக்கிட்டே இருக்கும், சர்வருக்கு அப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாது.

எம்சிரோடு_ஜவுளி
சார், இன்னிக்கு சாயங்காலம் நின்னுச்சு. குடோன்ல பையனை வெச்சு அடிச்சுப் பார்த்தேன். கடை ஐபி அந்த லிஸ்ட்ல இருக்கு! ரெண்டு மூணு வரி இருந்துச்சு.

எண்ணூர்_அலை
அப்போ முதல் பாக்கெட் வந்துடுச்சு, பதில்தான் தொலையுது. குடோன்ல எத்தனை இன்டர்நெட் லைன் சார்?

எம்சிரோடு_ஜவுளி
ரெண்டு. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு போன மாசம்தான் ரெண்டாவது போட்டேன். ரெண்டும் ஒரே ரூட்டர்ல.

எண்ணூர்_அலை
சந்தேகம் அங்கதான். ஒரு லைன் வழியா வந்த சின்னுக்கு, ரூட்டர் பதிலை இன்னொரு லைன் வழியா அனுப்பியிருக்கலாம். அப்போ அது வேற ஐபிலேர்ந்து வந்த மாதிரி கடைக்குத் தெரியும். "இந்த ஐபிகிட்ட நான் எதையும் கேக்கலையே"ன்னு கடை ரூட்டர் தூக்கிப் போட்டுடும். கேட்ட ஆள்கிட்டேர்ந்தே பதில் வந்தாகணும், அதுவும் இந்த ரெண்டாவது படியோட சரிபார்ப்புதான். ராத்திரி கடை மூடின பிறகு ரெண்டாவது லைனைப் பிடுங்கிட்டு ஓட்டிப் பாருங்க. நிக்கலைன்னா, வந்த லைன்லயே பதில் போகற மாதிரி ரூட்டர்ல ரூல் போடச் சொல்லுங்க. நான் யூகத்துல சொல்றேன், கேப்சர் பார்க்காம உறுதியாச் சொல்ல மாட்டேன்.

காசிமேடு_பீட்டர்
எனக்கு இன்னொரு கேள்வி. மூணு படி இவ்வளவு முக்கியம்னா, 2014-ல ஆர்எஃப்சி 7413-ன்னு டிசிபி ஃபாஸ்ட் ஓப்பன் கொண்டு வந்தாங்களே? சின் பாக்கெட்லயே டேட்டாவை ஏத்தி அனுப்பலாம், சர்வர் மூணாவதுக்குக் காத்திருக்காம அதை அப்ளிகேஷனுக்குக் குடுத்துடலாம். அப்போ அந்த 500 ரூபாய் கதை என்ன ஆச்சு?

எண்ணூர்_அலை
திரும்ப வந்துடும். முன்னாடி ஒரு தடவை பேசினப்போ சர்வர் குடுத்த குக்கியைக் கிளையன்ட் காட்டணும், அதனால பொய் ஐபி பிரச்சனைக்கு ஓரளவு தடுப்பு இருக்கு. ஆனா அதே சின் ரெண்டு தடவை வந்து சேர்ந்தா டேட்டாவும் ரெண்டு தடவை மேல போகலாம். அந்த ஆர்எஃப்சியே, ரெண்டு தடவை வந்தா தாங்கற அப்ளிகேஷன் மட்டும்தான் இதைப் பயன்படுத்தணும்னு சொல்லுது. வெப் பேஜ்ல ஒரு படத்தை அனுப்புன்னு கேக்கறதுக்குச் சரி.

வியாசை_மலர்
எங்க டீம்ல பேமென்ட் ஏபிஐக்கும் அதை ஆன் பண்ணலாம்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டு இருக்கார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி ஐடி இருக்கு, ரெண்டாவது தடவை வந்தா சர்வரே தள்ளிடும்ங்கறார். அது போதுமா?

காசிமேடு_பீட்டர்
ஐடி இருந்தா போதும். கனெக்‌ஷன் அறுந்து ஆப் மறுபடி அனுப்பினாலும் ரெண்டு தடவை வரத்தான் செய்யும், அதுக்கு எந்த ஹேண்ட்ஷேக்கும் உதவாது.

எண்ணூர்_அலை
அது சரிதான். ஆனா அந்த ஐடியை எங்க சரிபார்க்கறீங்கன்னு பாரு மலர். ரெண்டு காப்பியும் ஒரே நேரத்துல ரெண்டு வேற சர்வர் பிராசஸுக்குப் போனா, ரெண்டுமே "இந்த ஐடி புதுசு"ன்னு நினைச்சா? டேட்டாபேஸ்ல யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் இருக்கா, இல்ல கோட்ல தேடிப் பார்த்துட்டு அப்புறம் எழுதறீங்களா?

வியாசை_மலர்
கோட்லதான் தேடறோம்னு நினைக்கறேன். நாளைக்கு ஆபீஸ் போய்ப் பார்த்துட்டு வரேன்.